பாட்டியின் முகம், 4,800 சின்னப் படங்கள்: மொசைக் உருவப்படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள். பட்டர்வொர்த்தில் மண்டபம் எடுத்திருக்கிறோம். குடும்பப் படங்களைச் சின்னச் சின்னதாக அடுக்கி, தூரத்திலிருந்து பார்த்தால் பாட்டியின் முகம் தெரியும்படி, வாசலில் வைக்க மொசைக் படம் செய்ய வேண்டும். ஒவ்வொரு சின்னப் படமும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கணக்கை முகத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு சின்னப் படம் ஒரு கட்டம். ஒரு காதிலிருந்து மறு காதுவரை, முகத்தின் குறுக்கே எத்தனை கட்டங்கள் விழுகின்றன என்பதுதான் முகம் தெளிவாகத் தெரியுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கையை 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் அகலத்தில் ஐந்து கண்களை வரிசையாக வைக்கலாம் என்பது ஓவியர்களின் பழைய கணக்கு. அதன்படி 36 கட்டங்கள் இருந்தால் ஒரு கண்ணுக்கு ஏழு கட்டங்கள் கிடைக்கும். கருவிழிக்கு மூன்று கட்டங்கள் வரும். பார்வை எந்தப் பக்கம் இருக்கிறது, கண் சிரிக்கிறதா என்பதெல்லாம் தெரிய இது போதும்.

இதை அளவாக மாற்றுவோம். படம் 90 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் என்று வையுங்கள். பெரும்பாலான அச்சுக் கடைகளில் இருக்கும் 36 அங்குலச் சுருளில் இது சரியாக அடங்கும். மூலப் படத்தில் பாட்டியின் முகம் அகலத்தில் பத்தில் ஆறு பங்கு இருந்தால், அச்சில் அது 54 செ.மீ. ஆகும். 54-ஐ 36-ஆல் வகுத்தால் 1.5 செ.மீ. இதுதான் உங்கள் சின்னப் படத்தின் பக்கம். மொத்தம் குறுக்கே 60, மேலிருந்து கீழே 80 என்று 4,800 கட்டங்கள்.

1.5 செ.மீ. ரொம்பச் சின்னதாக இருக்கிறதே. 3 செ.மீ. வைத்தால் உள்ளே இருக்கிற படங்களும் நன்றாகத் தெரியுமே?

தெரியும். ஆனால் பாட்டி போய்விடுவார். 3 செ.மீ. என்றால் முகத்துக்கு 18 கட்டங்கள்தான். கருவிழி ஒன்றரைக் கட்டமாகச் சுருங்கும். அது ஒரே கட்டத்துக்குள் முழுதாக விழுந்தால் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்தால் இரண்டுமே சாம்பல் நிறமாகி, கண் பாதி மூடியதுபோல் இருக்கும்.

1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மனும் பேலா யூலெஸும் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாக மட்டும் குறைத்துக் காட்டினார்கள். கிட்டத்தில் அது வெறும் சதுரங்கள். கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன். சதுரங்களின் கூர்மையான ஓரங்கள்தான் முகத்தை மறைக்கின்றன, அவை மங்கியதும் முகம் மேலே வருகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். அதனால் "நூற்றுக்கணக்கில் கட்டம் இருந்தால் போதுமே" என்று சிலர் நினைப்பதுண்டு. இரண்டு வேறுபாடுகளை மறக்கக் கூடாது. லிங்கன் படத்தின் சதுரங்கள் ஒரே நிறமானவை. உங்கள் கட்டங்களுக்குள்ளோ சேலை, கேக், பலூன், பல் என்று ஆயிரம் கூர்மையான கோடுகள் இருக்கின்றன. அவ்வளவும் முகத்தை மறைக்கும். அடுத்தது, லிங்கனின் முகம் ஊரறிந்த முகம். உங்கள் மண்டபத்திலோ பாட்டியும் அவருடைய இரண்டு தங்கைகளும் ஒரே சாயலில் இருப்பார்கள். 18 கட்டங்களில் "யாரோ ஒரு பாட்டி" என்று சொல்லலாம். "நம்ம பாட்டி" என்று சொல்ல 30-ஐத் தாண்ட வேண்டும்.

அவ்வளவு பெரிய படம் வைக்க வீட்டில் இடமில்லை. ஏ3 அளவில் செய்யலாமா?

ஏ3 தாளின் அகலம் 29.7 செ.மீ. அதில் முகம் 18 செ.மீ. வரும். 36-ஆல் வகுத்தால் கட்டம் 5 மி.மீ. அரிசி மணி நீளம். உள்ளே இருப்பது படம் என்றே யாருக்கும் தெரியாது. முகம் அழகாக வரும், ஆனால் மொசைக் செய்ததற்குப் பொருள் இருக்காது.

சின்னப் படத்தில் ஒரே ஒரு முகத்தை மட்டும் நெருக்கமாக வெட்டி வைத்தால், 1.2 செ.மீ. வரை இறங்கலாம். கையெட்டும் தூரத்தில் நின்றால் "இது அத்தை" என்று சொல்ல முடியும். அதற்குக் கீழே போகாதீர்கள். 1.2 செ.மீ. கட்டம், முகத்துக்கு 36 கட்டங்கள் என்றால் முகம் 43 செ.மீ. முகம் படத்தில் பத்தில் ஆறு பங்கு என்றால் மொத்த அகலம் 72 செ.மீ. வேண்டும். இடம் நெருக்கடி என்றால் முகத்தை இன்னும் இறுக்கமாக வெட்டி, அகலத்தில் பத்தில் எட்டு பங்கு ஆக்குங்கள். அப்போது 54 செ.மீ. போதும், 24 அங்குலச் சுருளிலேயே முடிந்துவிடும். ஆனால் நெற்றிமேல் முடியும் காதும் கொஞ்சமாவது உள்ளே இருக்கட்டும். தெரிந்தவர் முகத்தை நாம் அடையாளம் காண்பதில் முடியின் கோட்டுக்கும் முகத்தின் வெளி விளிம்புக்கும் பெரிய பங்கு உண்டு.

படங்களைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே முகம் தெளிவாக வருமா என்று பார்க்க வழி உண்டா?

உண்டு, இதைச் செய்யாமல் யாரும் ஒரு படம்கூடச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. மூலப் படத்தை 3:4 என்ற விகிதத்தில் வெட்டி, 60×80 பிக்சலாகச் சுருக்கி, மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பிக்சலும் ஒரு கட்டமாகத் தெரியும். இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் ஒரே வரி:

```
magick paatti.jpg -resize 60x80! -scale 1200x1600! kattam60.png
magick paatti.jpg -resize 30x40! -scale 1200x1600! kattam30.png
```

முதல் வரி 1.5 செ.மீ. கட்டத்துக்கு, இரண்டாவது 3 செ.மீ. கட்டத்துக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த வேலையைப் பற்றித் தெரியாத ஒரு பேரப்பிள்ளையிடம் காட்டி "யார் இது?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் உங்கள் கண்ணை நம்ப முடியாது.

இந்தச் சோதனையில் வருவது ஆகச் சிறந்த நிலை. உண்மையான மொசைக் இதைவிட மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே பிள்ளை யோசித்துச் சொன்னால் போதாது. பார்த்த உடனே சொல்ல வேண்டும்.

கண் மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தால், கட்ட எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் மூலப் படத்தை அரைக் கட்டம் நகர்த்திப் பாருங்கள். மூலப் படம் 2,400 பிக்சல் அகலம் என்றால் ஒரு கட்டம் 40 பிக்சல். அகலம் மாறாமல், இடப்பக்கம் 20 பிக்சல் கூடுதலாகவும் வலப்பக்கம் 20 பிக்சல் குறைவாகவும் வெட்டினால் கட்டக் கோடுகள் எல்லாம் அரைக் கட்டம் இடம் மாறும். சில நேரம் இந்த ஒரு நகர்த்தலிலேயே கண்மணி கட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்து, முகமே விழித்துக்கொள்ளும்.

எந்தப் படத்தை மூலப் படமாக எடுப்பது? பாஸ்போர்ட் படம் தெளிவாக இருக்கிறதே.

பாஸ்போர்ட் படம் வேண்டாம். நேர் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்து எடுத்த படத்தில் மூக்கின் நிழல் இருக்காது, கன்னத்தின் வளைவும் இருக்காது. மொசைக்கில் முகத்தை உருவாக்குவது கோடுகளைவிட நிழல்தான். சன்னல் பக்கம் உட்கார வைத்து, ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் சற்று இருட்டாகவும் எடுத்த படம் இரண்டு மடங்கு தெளிவாக வரும். மூலப் படத்துக்குப் பெரிய கேமராவும் தேவையில்லை. அது எப்படியும் 60×80 கட்டங்களாகப் போகிறது.

சின்னச் சின்ன அடையாளங்கள் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். நிஜ முகம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம். 36 கட்டங்கள் என்றால் ஒரு கட்டம் நிஜத்தில் 4 மி.மீ. பாட்டியின் குங்குமப் பொட்டு ஒரு செ.மீ. இருந்தால் இரண்டு மூன்று கட்டங்கள் சிவப்பாக வரும். எல்லாரும் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மூக்குத்தி ஒரு கட்டம். அது கட்டக் கோட்டில் விழுந்தால் காணாமல் போகும். மூக்குக் கண்ணாடியின் மெல்லிய கம்பி ஒரு கட்டத்தைவிடக் குறைவு. அங்கங்கே விட்டு விட்டு, முகத்தில் கீறல்போல் தெரியும். முடிந்தால் கண்ணாடியைக் கழற்றிய படம் எடுங்கள், அல்லது தடித்த சட்டம் உள்ள கண்ணாடி. நரைத்த முடிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் தலையின் உருவமே கரைந்துவிடும். கரும்பச்சைத் திரையோ நிழலான வாசலோ பின்னால் இருக்கட்டும்.

எத்தனை படங்கள் வேண்டும்? குடும்பக் குழுவில் நானூறு இருக்கும்.

நானூறில் வேலையை ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது. 4,800 கட்டங்களுக்கு 400 படங்கள் என்றால் சராசரியாக ஒவ்வொன்றும் பன்னிரண்டு முறை வரும். சராசரி என்பது இங்கே நம்மை ஏமாற்றும் எண். முகத்தின் உள்ளே மட்டும் ஏறக்குறைய 1,300 கட்டங்கள் இருக்கின்றன, அவ்வளவும் பழுப்பின் வெவ்வேறு சாயல்கள். உங்கள் நானூறில் அந்த நிறத்துக்கு நெருங்கி வருபவை ஐம்பதுதான் இருந்தால், அந்த ஐம்பதும் கன்னம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் பக்கத்தில் ஒரே படம் வந்தால் கன்னத்தில் பாய்முடைந்ததுபோல் ஒரு கோலம் தெரியும். அச்சில் பார்த்தவுடன் கண் அங்கேதான் போகும்.

படங்களை வெட்டினால் இதைத் தாண்டலாம். பத்துப் பேர் நிற்கும் ஒரு குடும்பப் படத்தை அப்படியே 1.5 செ.மீ. கட்டத்தில் வைத்தால் யாரும் தெரியமாட்டார்கள். அதையே ஒவ்வொரு முகமாகச் சதுரமாக வெட்டினால் பத்துப் படங்கள் கிடைக்கும், அவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குத் தேவையான பழுப்பு நிறத்திலேயே இருக்கும். நானூறு படங்களை உட்கார்ந்து வெட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். இரண்டு பேர் ஒரு மாலையில் முடிக்கிற வேலை அல்ல, ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தரம் குறைவாயிற்றே, அச்சில் உடையாதா?

சின்னப் படங்களுக்குத் தாராளமாகப் போதும். ஒரு கட்டத்துக்கு 120 பிக்சல் என்று வைத்தால், அச்சில் அங்குலத்துக்கு 200 பிக்சல் வருகிறது. வாட்ஸ்அப் படம் ஆயிரம் பிக்சலுக்கு மேல் இருக்கும், அதில் ஒரு முகத்தை வெட்டினாலும் 120-க்குக் குறையாது. கூட்டத்தில் தூரமாக நிற்பவரை வெட்டும்போது மட்டும் அளவைப் பாருங்கள்.

முடித்த மொசைக்கை வாட்ஸ்அப்பில் படமாகக் கடைக்கு அனுப்புவதுதான் ஆபத்து. உங்கள் கோப்பு 7,200×9,600 பிக்சல். அதைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் பல மடங்கு சுருக்கிவிடும், 120 பிக்சல் கட்டம் இருபது முப்பது பிக்சலாகும். பாட்டியின் முகம் அப்போதும் நன்றாகத் தெரிவதால் கடைக்காரருக்குச் சந்தேகமே வராது. கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே எல்லாம் சேறு. பென்டிரைவில் கொடுங்கள், இல்லையென்றால் கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

முகம் நன்றாக வந்தது. முடி மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. ஏன்?

கறுப்புப் படங்கள் பற்றாக்குறை. நாம் வெளிச்சத்தில்தான் படம் எடுக்கிறோம், அதனால் எந்தக் குடும்பத்தின் படங்களிலும் நடுத்தர வெளிச்சம் குவிந்து கிடக்கும். ஆழ்ந்த கறுப்பும் தூய வெள்ளையும் குறைவாக இருக்கும். பாட்டியின் முடியில் இன்னும் கறுப்பு இருந்தாலோ, பின்னணி இருட்டாக இருந்தாலோ, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் பொருந்தும் படத்தைத் தேடி வைக்கும் மொசைக் மென்பொருளுக்கு அங்கே வைக்கப் படம் கிடைக்காது.

உடனே எல்லாரும் தண்ணீர்மலைத் தைப்பூச இரவுப் படங்களையும் தீபாவளி விளக்குப் படங்களையும் கொண்டுவருவார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அப்படியே போடக் கூடாது. கறுப்பு வானத்தில் நாலு விளக்கு எரியும் படத்தின் சராசரி நிறத்தைப் பெரும்பாலான மென்பொருள்கள் கோப்பில் இருக்கும் எண்களை அப்படியே கூட்டி வகுத்துக் கணக்கிடும். அந்த எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பவை அல்ல. தூரத்திலிருந்து பார்க்கும் நம் கண் சேர்த்துப் பார்ப்பது ஒளியை. விளக்கு அந்தக் கணக்கில் தெரிவதைவிட நிஜத்தில் அதிக ஒளி தரும். அதனால் மென்பொருள் "கறுப்பு" என்று வைத்த கட்டம் மண்டபத்தில் சாம்பலாக மினுக்கும். இரவுப் படத்தில் விளக்கில்லாத மூலையை வெட்டி எடுங்கள்: கொடிமலை இரவில் கறுப்பாகத் தெரியும் சரிவு, கறுப்புச் சட்டையின் தோள், நிழலில் நிற்கும் ஆளின் பக்கவாட்டு. நூறு இருந்தால் முடி மீண்டுவிடும். வெள்ளைக்கு வேட்டி, மேகம், மல்லிகைப் பந்து.

மென்பொருளில் "நிறம் கலப்பு" என்று ஒன்று இருக்கிறதே, அதை எவ்வளவு வைக்கலாம்?

ஆண்ட்ரியாமொசைக் போன்ற இலவச மென்பொருளிலும் இது உண்டு. ஒவ்வொரு சின்னப் படத்தையும் அந்த இடத்துக்குத் தேவையான நிறத்தை நோக்கிக் கொஞ்சம் சாயம் பூசும். 15 முதல் 25 விழுக்காடு வரை யாருக்கும் தெரியாது. 40-ஐத் தாண்டினால் பேரனின் பிறந்தநாள் வெள்ளைச் சட்டை பாட்டியின் கன்னத்தில் பழுப்பாகும், எல்லாப் படங்களும் ஒரே மூட்டத்துக்குள் நிற்பதுபோல் இருக்கும். கன்னத்தில் இருக்கும் ஒரு படத்தைப் பெரிதாக்கி, அதில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஒன்றைத் தேடுங்கள். அது இன்னும் வெள்ளை என்று சொல்லக்கூடியதாக இருந்தால் அளவு சரி. அதே படம் மறுபடி வருவதற்குக் குறைந்தது ஐந்தாறு கட்டம் இடைவெளி இருக்க வேண்டும் என்றும் அமைத்துவிடுங்கள்.

காணாமல் போன மூக்குத்தியை மீட்க ஒரு வழி உண்டு. முடித்த மொசைக்கின் மேல், சுருக்காத மூலப் படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி, போட்டோஷாப்பிலோ கிம்பிலோ பத்து விழுக்காடு அழுத்தத்தில் கண், மூக்கு, வாய் இருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். முழு முகத்துக்கும் போட்டால் பார்ப்பவர் படத்தின் மேல் படம் வைத்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்.

மண்டபத்தில் எவ்வளவு தூரத்தில் வைத்தால் முகம் தெரியும்?

கைப்பேசியில் சோதிக்கலாம். 90 செ.மீ. அகலப் படத்தை 6 மீட்டரிலிருந்து பார்ப்பதும், அதையே 6 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அளவு. 6 செ.மீ. என்பது ஏறக்குறைய உங்கள் கைப்பேசித் திரையின் அகலம். மொசைக்கைத் திரை நிறையத் திறந்து வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் பிடித்தால், மண்டப வாசலிலிருந்து உள்ளே வருபவர் காண்பது அதுதான். அங்கே 1.5 செ.மீ. கட்டம் ஒரு மில்லிமீட்டராகத் தெரியும், முகம் மேலே வந்துவிடும். 3 மீட்டரிலிருந்து எப்படி என்று பார்க்க, கைப்பேசியைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கேயும் முகம் உடையாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் பந்திக்குப் போகும் வரிசை பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் நகரும்.

குறுகலான நடைபாதையில் வைக்காதீர்கள். பின்னால் நகர இடமில்லாதவருக்கு இது வெறும் படக் குவியல்.

பேனர் துணியில் அச்சடித்தால் மலிவாயிற்றே?

பன்டிங், பேனர் அச்சு பல அடி தள்ளி நின்று படிப்பதற்கு ஆனது. அதில் 1.5 செ.மீ. முகம் புள்ளிகளாகப் போகும். கேன்வாஸின் நெசவும் சின்ன முகங்களைத் தின்னும். மங்கல் பூச்சு உள்ள படத்தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பளபளப்புத் தாளில் மண்டப விளக்கு பட்டால் கிட்ட நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முழுப் படத்தையும் கொடுப்பதற்கு முன், ஒரு கண்ணும் புருவமும் மூக்கின் ஓரமும் வரும் பகுதியை மட்டும் வெட்டி, உண்மை அளவில் ஏ4-இல், அதே தாளில் அச்சடித்துப் பாருங்கள். கண் 10.5 செ.மீ. அகலம் வர வேண்டும், அடிமட்டம் வைத்து அளந்துவிடுங்கள். "தாளுக்கு ஏற்பப் பொருத்து" என்ற அமைப்பு போட்டிருந்தால் அளவு மாறிப்போகும். திரையில் பார்த்ததைவிட அச்சு இருட்டாக வருவது வழக்கம். புருவமும் கண்ணிமையும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டால், மொசைக்கின் நிழல் பகுதியை மட்டும் சற்று வெளுப்பாக்கி, இன்னொரு துண்டு அச்சடித்துப் பார்த்துவிட்டு முழுப் படத்துக்குப் போங்கள்.